ஏசிஎல் அறுவைக்குப் பின் மீண்டும் களம்: 90 விழுக்காடு காட்டுவதும் மறைப்பதும்

முழங்கால் மூட்டின் நடுவே தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் குறுக்காகப் பிடித்து நிற்கும் ஏசிஎல் தசைநார் அறுந்தால், பெரும்பாலும் அதைத் தைத்துச் சேர்ப்பதில்லை. பின்தொடையிலிருந்தோ முழங்கால் சில்லுக்குக் கீழிருந்தோ ஒரு நாணை எடுத்து, எலும்பில் துளையிட்டு, பழைய தசைநார் இருந்த இடத்தில் பொருத்துகிறார்கள். கிராஃப்ட் எனப்படும் இந்த நாண் வைத்த நாளிலேயே தசைநாராகிவிடுவதில்லை. முதல் சில வாரங்களில் அதன் உள்ளிருக்கும் செல்கள் பெரும்பகுதி மடிகின்றன. பிறகு புதிய ரத்தக் குழாய்கள் புகுந்து, இழைகள் மெல்ல மாற்றியமைக்கப்படுகின்றன. ஓராண்டைத் தாண்டியும் இந்த வேலை நடக்கும். மூன்றாம் மாதத்தில் வலி போய், நடை சீராகி, காலில் ஒன்றுமே ஆகாதது போல் தோன்றும்போது, உள்ளே இருக்கும் நாண் இன்னும் வலுவற்றதாகவே இருக்கிறது.

முன்பெல்லாம் ஆறு மாதம் முடிந்தால் விளையாடலாம் என்பதே வழக்கமாக இருந்தது. அந்த வழக்கத்தை அசைத்ததில் 2016இல் வெளியான டெலவேர்–ஆஸ்லோ ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. கால்பந்து, கைப்பந்து போல, திடீரெனத் திரும்புதலும் குதித்தலும் மிகுந்த ஆட்டங்களுக்குத் திரும்பியவர்களை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். ஒன்பதாம் மாதம் வரை, ஆட்டத்தைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் முழங்கால் மறுகாயத்தின் வேகம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. வலிமை, தாவல் முதலிய தேர்வுகளில் தேறிய பின் திரும்பிய 18 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறுகாயம் ஏற்பட்டது. தேறாமல் திரும்பிய 55 பேரில் 21 பேருக்கு ஏற்பட்டது. தேறியவர்கள் வெறும் 18 பேர்தான் என்பதையும், மறுகாயக் கணக்கில் ஏசிஎல் மட்டுமன்றி முழங்காலின் பிற காயங்களும் அடங்கும் என்பதையும் மறந்துவிட்டு இந்த எண்களை மேற்கோள் காட்டுகிறவர்கள் பலர்.

இப்படித்தான் ‘ஒன்பது மாதம், கூடவே தேர்ச்சி’ என்ற இரட்டை நிபந்தனை நிலைபெற்றது. தேர்ச்சிக்கான அளவுகோல் பெரும்பாலும் ஒரே எண்: 90. அறுவை செய்த கால், மற்றக் காலின் திறனில் 90 விழுக்காட்டை எட்ட வேண்டும். இதைச் சமச்சீர்மை விழுக்காடு என்கிறார்கள். எளிதாகக் கணக்கிடலாம், எங்கும் கணக்கிடலாம். ஆனால் இந்த எண் ஏமாற்றும் விதங்கள் சில உண்டு.

முதலில் வலிமை. இங்கே மையமானது குவாட்ரிசெப்ஸ் என்னும் முன்தொடைத் தசை. குதித்துத் தரையிறங்கும்போது முழங்கால் மடிவதை அடக்கி, அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது இதுதான். மூட்டில் நீர் கோத்து வீங்கியிருக்கும் வரை, இந்தத் தசைக்கு வரும் நரம்புக் கட்டளையை உடல் தானாகவே குறைத்துவிடுகிறது. எவ்வளவு முயன்றாலும் தசை முழுதாக இறுகாது, நாளடைவில் மெலிந்தும் போகும். கிராஃப்ட் சில்லுக்குக் கீழிருந்து எடுக்கப்பட்டிருந்தால் இந்தத் தசையின் பலவீனம் இன்னும் கூடும். அதனால்தான் வீக்கம் முற்றிலும் வற்றுவதும், கால் முழுமையாக நீள்வதும் மற்றத் தேர்வுகளுக்கு முன் நிபந்தனைகளாகின்றன.

வலிமையை நம்பகமாக அளப்பது ஐசோகைனெடிக் கருவி. இருக்கையில் அமர்ந்து, நொடிக்கு 60 பாகை என்ற மாறாத வேகத்தில் காலை நீட்டும்போது தசை தரும் முறுக்கு விசை நியூட்டன் மீட்டரில் பதிவாகும். விலை அதிகம் என்பதால் இது பெரிய மையங்களில்தான் இருக்கும். இல்லாத இடத்தில், உறுதியாகக் கட்டிப் பிடிக்கப்பட்ட டைனமோமீட்டரோ, உடற்பயிற்சிக் கூடத்து லெக் எக்ஸ்டென்ஷன் கருவியில் ஒற்றைக் காலால் ஒரு முறை தூக்க முடிகிற உச்ச எடையோ உதவும். பிசியோதெரபிஸ்ட் கையால் தள்ளிப் பார்த்து ‘நன்றாக இருக்கிறது’ என்பது இந்தக் கட்டத்தில் அளவீடே ஆகாது. கால்வாசி வலிமை குறைந்த தசைகூடக் கைக்கு முழு வலிமையுள்ளதாகவே தெரியும்.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டு: 19 வயது, 70 கிலோ எடையுள்ள கபடி ரெய்டர். திரும்பும்போது ஊன்றிய இடக்காலில் ஏசிஎல் அறுந்தது. அறுவைக்கு முன் அளந்தபோது காயமில்லாத வலக்காலின் விசை 210 நியூட்டன் மீட்டர். அதாவது உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 3. களத்துக்குத் திரும்பும் ஆண் வீரர்களிடம் பலரும் எதிர்பார்க்கும் அளவு இது. ஆறு மாதம் கழித்து இடக்கால் 160, வலக்கால் 176. 160ஐ 176ஆல் வகுத்தால் 91 விழுக்காடு. தேர்ச்சி. ஆனால் வலக்காலே 210இலிருந்து 176க்கு இறங்கிவிட்டது. மாதக்கணக்கில் ஓட்டமும் குதிப்பும் இல்லாததால் இரண்டு கால்களும் சேர்ந்தே தேய்ந்திருக்கின்றன. காயத்துக்கு முந்தைய 210உடன் ஒப்பிட்டால் இடக்கால் 76 விழுக்காட்டில்தான் நிற்கிறது. தேய்ந்த அளவுகோலால் அளந்ததால் கிடைத்த தேர்ச்சி அது.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. டெலவேர் பல்கலைக்கழகக் குழு 2017இல் 70 பேரின் அளவுகளை இரண்டு முறையிலும் கணக்கிட்டது. வலிமையிலும் தாவலிலும் மற்றக் காலோடு ஒப்பிட்டபோது பாதிக்கும் மேற்பட்டோர் 90ஐ எட்டினர். அறுவைக்கு முன் அளந்த மற்றக் காலோடு ஒப்பிட்டபோது நான்கில் ஒருவருக்குச் சற்று மேல்தான் தேறினர். பின்னாளில் மீண்டும் ஏசிஎல் அறுந்த 11 பேரில் 8 பேர் முதல் முறையில் தேறியவர்கள். ஆகவே அறுவைக்கு முன்பே நல்ல காலை அளந்து குறித்துவைப்பது சில நிமிட வேலை என்றாலும், எட்டு மாதம் கழித்து வேறு வழியில் கிடைக்காத தகவல். அது தவறிப்போனால், உடல் எடைக்கு ஒப்பிடும் அளவுதான் மாற்று.

அடுத்தது தாவல் தேர்வு. ஒற்றைக் காலில் ஒரு தாவல், தொடர்ந்து மூன்று தாவல், நடுக்கோட்டின் இருபுறமும் மாறி மாறி மூன்று தாவல், 6 மீட்டர் தூரத்தை ஒற்றைக் காலில் கடக்கும் நேரம் என்ற நான்கும் 1990களின் தொடக்கத்திலிருந்து புழக்கத்தில் உள்ளன. ஓர் அளவு நாடாவும் கடிகாரமும் போதும். தரையிறங்கியதும் தடுமாறாமல் நின்றால்தான் அந்தத் தாவல் கணக்கில் சேரும்.

இந்தத் தேர்வில் வலிமைத் தேர்வைவிடச் சீக்கிரமே தேறிவிடுவார்கள். அதற்குக் காரணம் உண்டு. கத்தாரின் ஆஸ்பெட்டார் மருத்துவமனையில் ஆர்கிரோ கோட்சிஃபாகியும் உடன் ஆய்வாளர்களும் முன்னோக்கிய தாவலை அசைவுப் பதிவுக் கேமராக்களால் பகுத்துப் பார்த்தார்கள். உடலை முன்னே உந்தும் வேலையில் முழங்காலின் பங்கு ஏறக்குறைய எட்டில் ஒன்றுதான். மீதியை இடுப்பும் கணுக்காலும் செய்கின்றன. அறுவைக்குப் பின் விளையாட அனுமதி பெற்ற வீரர்களிடம் தாவும் தூரம் 97 விழுக்காடு சமமாக இருந்தது. ஆனால் உந்தும்போது முழங்கால் செய்த வேலையில் சமம் 69 விழுக்காடுதான். முழங்காலின் குறையை மற்ற மூட்டுகள் ஈடுசெய்கின்றன, நாடா அதைப் பார்ப்பதில்லை. நேராக மேலே குதிக்கும்போது முழங்காலின் பங்கு ஏறக்குறைய மூன்றில் ஒன்றாக உயர்கிறது. எனவே ஒற்றைக் காலில் மேல்நோக்கிக் குதிக்கும் உயரம், தூரத்தைவிட நேர்மையான சாட்சி. தூரத்தை அளக்கும்போதும் தரையிறங்குவதைக் கைப்பேசியில் படம்பிடித்துப் பார்க்கலாம். முழங்கால் போதுமான அளவு மடியாமல் விறைப்பாக இறங்குவது, உள்பக்கமாகச் சாய்வது, உடல் முன்னே கவிழ்வது ஆகியவை, எண் என்ன சொன்னாலும், தேறாத காலின் அடையாளங்கள்.

மேற்சொன்ன ரெய்டர் ஆறாம் மாதத்தில் வலக்காலில் 160 செ.மீ., இடக்காலில் 146 செ.மீ. தாவினார் என்று கொள்வோம். இங்கும் 91 விழுக்காடு. தரையிறங்கும்போது இடக்கால் விறைத்தது. இரண்டு தேர்வுகளிலும் ‘தேர்ச்சி’, இரண்டும் ஒரே குறையை மறைத்தன.

மூன்றாவது, மனம். ஆஸ்திரேலியாவின் கேட் வெப்ஸ்டர் குழு 2008இல் உருவாக்கிய ஏசிஎல்–ஆர்எஸ்ஐ வினாப்பட்டியல் இதற்கு அதிகம் பயன்படுகிறது. பன்னிரண்டு கேள்விகள். மீண்டும் அடிபடுமோ என்ற அச்சம், கால் நழுவாது என்ற நம்பிக்கை, மறுபடி அறுவைக்குப் போக நேருமோ என்ற எண்ணம், ஆட்டத்தின் நடுவே முழங்காலைப் பற்றிய கவலை போன்றவை. மதிப்பெண் 0 முதல் 100 வரை. குறைந்த மதிப்பெண் பெறுகிறவர்கள் பழைய நிலைக்குத் திரும்புவது குறைவு. பல ஆய்வுகளைத் தொகுத்த கணக்கில், அறுவைக்குப் பின் ஏதோ ஓர் ஆட்டத்துக்குத் திரும்பியவர்கள் 81 விழுக்காடு, பழைய நிலைக்கே திரும்பியவர்கள் 65 விழுக்காடு. இந்த இடைவெளிக்கு உடல் மட்டும் காரணமல்ல. அச்சம் அசைவையும் மாற்றுகிறது. காலைக் காக்கும் எண்ணத்தில் முழங்காலை விறைத்து இறங்கினால், காக்க நினைத்த மூட்டுக்கே சுமை கூடுகிறது.

அதற்காக அதிக மதிப்பெண் எல்லாம் நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ள முடியாது. நான்காம் மாதத்திலேயே 95 வாங்கும் பதின்வயதினர் உண்டு. தசை 70 விழுக்காட்டில் இருக்கும்போது வரும் அந்தத் துணிச்சல், பிசியோதெரபிஸ்டைக் கவலைப்பட வைக்க வேண்டியது. மன மதிப்பெண்ணை வலிமை எண்ணோடு பக்கத்தில் வைத்துத்தான் படிக்க முடியும். அச்சம் தங்கியிருந்தால், அறிவுரையைவிட, அஞ்சும் அசைவையே படிப்படியாகப் பழக்குவது பயன் தருகிறது. கபடியில் அது காலைப் பிடிக்கும் பிடியாக இருக்கும். முதலில் நின்ற நிலையில், சொல்லிவிட்டுப் பிடிப்பது. பிறகு மெதுவான ரெய்டில். கடைசியில் சொல்லாமல், முழு வேகத்தில்.

மறுகாயத்தின் அளவு என்ன? 2016இல் வெளியான ஒரு தொகுப்பு ஆய்வின்படி, அறுவை செய்தவர்களில் ஏறக்குறைய 15 விழுக்காட்டினருக்கு இரண்டாவது ஏசிஎல் காயம் ஏற்படுகிறது. 25 வயதுக்குட்பட்டு மீண்டும் விளையாடுகிறவர்களிடம் அது 23 விழுக்காடு. பலர் எதிர்பாராதது, மொத்தக் கணக்கில் பாதிக்குச் சற்று மேல் அறுவை செய்யாத மற்ற முழங்காலில் நேர்கிறது என்பது. 2019இல் வந்த இன்னொரு தொகுப்பு, தேர்வுகளில் தேறியவர்களுக்குக் கிராஃப்ட் அறுவது கணிசமாகக் குறைந்ததாகவும், மற்றக் காலில் காயம் கூடியதாகவும் காட்டியது. தேறியவர்கள் அதிக வேகத்தோடும் அதிக நேரமும் ஆடுவது இதற்குக் காரணமாக இருக்கலாம். எப்படியானாலும், இன்றைய தேர்வுகள் களைக்காத உடலில், தெரிந்த அசைவை, எதிராளி இல்லாமல் அளப்பவை. ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் ஏழு பேர் வளைக்கும்போது கால் என்ன செய்யும் என்பதை அவை காட்டுவதில்லை.

அதனால் தேர்ச்சி பெற்ற நாளே போட்டி நாளாக இருக்கக் கூடாது. மேற்சொன்ன ரெய்டர் பத்தாம் மாதத்தில் மீண்டும் அளக்கப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: இடக்கால் 192, வலக்கால் 204. மற்றக் காலோடு 94 விழுக்காடு, பழைய 210உடன் 91. தரையிறங்குதல் சீர், மன மதிப்பெண் 48இலிருந்து 80. இப்போது அவர் அணியோடு முழுப் பயிற்சிக்குப் போகலாம். சில வாரங்கள் எல்லாப் பிடிகளோடும் பயிற்சி முடிந்து, மறுநாள் காலையில் முழங்காலில் நீர் கோக்காமல் இருந்தால், சில நிமிடங்கள் மட்டும் ஆடும் மாற்று வீரராகப் போட்டியில் இறங்கலாம். வீங்கினால் ஒரு படி பின்னே. இரண்டாவது காயங்களில் பெரும்பங்கு திரும்பிய முதல் ஓரிரு ஆண்டுகளில் வருவதால், இரண்டு கால்களுக்குமான வலிமைப் பயிற்சியும் தரையிறங்கும் பயிற்சியும் அந்தக் காலம் முழுதும் வார அட்டவணையில் தொடர்கின்றன. சில மாதங்களுக்கு ஒருமுறை அதே தேர்வுகளும் திரும்ப நடத்தப்படுகின்றன.