எத்தனை கிராம் துத்தநாகம்?

செங்கல்பட்டுக் கடையில் ஒருவர் ஒரே கட்டிலிருந்து பத்து ஜி.ஐ. தகடு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தைத் தன் வீட்டில் வண்டி நிறுத்தும் கொட்டகைக்குப் போடுகிறார். மீதி ஐந்து, மாமல்லபுரத்தை அடுத்த தேவனேரியில் கடலைப் பார்த்த தம்பி வீட்டுத் தாழ்வாரத்துக்குப் போகிறது. இரண்டாவது மழைக்காலம் முடியும்போது தம்பி வீட்டில் மட்டும் பழுப்புத் திட்டுகள். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்கிறார் தம்பி. ஏமாற்றியிருக்கலாம், ஏமாற்றாமலும் இருக்கலாம்.

இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து வேண்டும். ஈரப்படலத்துக்கு அடியில் இரும்பு ஓரிடத்தில் எலெக்ட்ரான்களை இழந்து கரைகிறது. பக்கத்தில் இன்னோரிடத்தில் ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொள்கிறது. சின்ன பேட்டரி மாதிரிதான். கடற்காற்று கொண்டுவரும் உப்பு அந்த நீரில் மின்சாரம் எளிதாக ஓடச் செய்கிறது. அதோடு உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துப் பிடிப்பதால், மழையில்லாத நாளிலும் தகடு முழுதாகக் காய்வதில்லை.

துத்தநாகம் இரும்பை விட எளிதில் எலெக்ட்ரான்களை இழக்கும். கீறல் விழுந்து இரும்பு தெரிந்தாலும், சுற்றியுள்ள துத்தநாகம் முதலில் கரைந்து அதைக் காக்கும். ஆனால் கரைந்தது திரும்பாது. ஆகவே ‘ஜி.ஐ.யா?’ என்பதை விட ‘எத்தனை கிராம்?’ என்பதுதான் கடையில் கேட்க வேண்டிய கேள்வி.

தகட்டில் 120 என்றிருந்தால் ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 120 கிராம் துத்தநாகம். ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 8 மைக்ரான்தான். கடலை ஒட்டிய இடங்களில் ஆண்டுக்கு 4 முதல் 8 மைக்ரான் வரை கரையக்கூடும். உள்நாட்டு ஊர்களில் பெரும்பாலும் 2 மைக்ரானுக்குள். ஆக, தம்பி வீட்டில் ஓரிரு ஆண்டில் தீர்ந்துபோவது, அண்ணன் வீட்டில் நான்கு ஆண்டுக்கு மேல் தாங்கும். 275 கிராம் தகட்டில் பக்கத்துக்கு 19 மைக்ரான் இருக்கும். கடற்கரையில் அதுவும் பெயிண்ட் இல்லாமல் ஐந்தாண்டு தாண்டுவது சந்தேகம்தான். 5 மில்லிமீட்டருக்குக் குறையாத கனமுள்ள இரும்பில் கேட் செய்து, பிறகு உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்தால் 85 மைக்ரான் வரை ஏறும்.

பலர் கவனிக்காத இடம் தகட்டின் அடிப்பக்கம். மேலே படியும் உப்பை மழை கழுவிவிடுகிறது. இறவாணத்தின் கீழே அது சேர்ந்துகொண்டே போகிறது, துரு அங்கேதான் தொடங்கும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவது செலவில்லாத வைத்தியம்.

பெயிண்ட் வேலை செய்யும் விதம் வேறு. அது நீரையும் உப்பையும் தடுக்கும் திரை. கீறினால் அங்கே தன்னைக் கொடுத்துக் காப்பாற்றாது. துருவைச் சுரண்டாமல் மேலே பூசினால், உள்ளே மாட்டிய உப்பு பெயிண்டைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். புது ஜி.ஐ. மேல் சாதாரண எனாமலை நேரே அடிப்பதும் தவறு. துத்தநாகத்தோடு வினைபுரிந்து சில மாதங்களில் தோலாக உரியும். ஜி.ஐ.க்கென்றே உள்ள எட்ச் பிரைமர் முதலில் வேண்டும். வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகம் எரிந்து போயிருக்கும். பட்டறையில் அதன்மேல் சில்வர் பெயிண்ட் தடவி மறைப்பது வழக்கம். தேய்த்துச் சுத்தம் செய்து, துத்தநாகத் தூள் கலந்த பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள்.

இனி உரிமை. ஜி.ஐ. தகட்டுக்கான தர நிர்ணயம் ஐ.எஸ். 277. அந்த எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உரிம எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள்; உரிம எண் உண்மையா என்பதை பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்க்கலாம். பில் தர மறுப்பதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் துத்தநாகத்தின் கிராம் எழுதச் சொல்லுங்கள். வெட்டி மிஞ்சிய துண்டொன்றை வீட்டுக்குள் காய்ந்த இடத்தில் வைத்திருங்கள். வெயில்பட்ட தகட்டில் எவ்வளவு பூச்சு இருந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

பிரச்சினை வந்தால் முதலில் கடைக்கு எழுத்தில் தெரிவியுங்கள், பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணமில்லை. தேவைப்பட்டால் மாதிரியை ஆய்வகத்துக்கு ஆணையமே அனுப்பும்.

அண்ணன் வாங்கிய பில்லில் 275 என்றிருந்து, பத்திரப்படுத்திய துண்டில் ஒரு பக்கத்துக்கு 8 மைக்ரான்தான் தேறுகிறதென்றால் அவர் பக்கம் வழக்கு வலுவாக இருக்கிறது. ‘ஜி.ஐ. ஷீட் 10’ என்று மட்டும் இருந்தால், கடைக்காரர் ஜி.ஐ. ஷீட்தானே கொடுத்தார்.