துடிக்கும் நெஞ்சும் பயப்படும் மனமும்

1966-இல் ஜார்ஜ் ஹோமன் என்ற அமெரிக்க உளவியலாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். முதுகுத் தண்டு முறிந்து உடலின் கீழ்ப்பகுதியில் உணர்ச்சி இழந்த 25 ஆண்களிடம் அவர் பேசியிருந்தார். அவரும் அதே போன்ற காயத்தோடு வாழ்ந்தவர்தான். அடிபடுவதற்கு முன்பு உங்களுக்கு வந்த கோபமும் பயமும் இப்போது எப்படி இருக்கின்றன என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். பலரும் இரண்டும் குறைந்துவிட்டதாகச் சொன்னார்கள். முறிவு கழுத்தை நெருங்க நெருங்க, அந்தக் குறைவும் கூடியது. அநியாயத்தைக் கண்டால் இன்னமும் சத்தம் போடுகிறேன், ஆனால் முன்பு போல உடம்பு கொதிப்பதில்லை, கோபம் தலைக்குள் மட்டும் இருக்கிறது என்ற பொருளில் சிலர் பேசினார்கள். நெகிழ்ச்சி மட்டும் இதற்கு விலக்கு. கண் கலங்குவதும் தொண்டை அடைப்பதும் முன்பைவிட அதிகம் என்றார்கள். கண்ணும் தொண்டையும் முறிவுக்கு மேலே இருப்பவை.

இந்தப் பதில்களுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பது புரிய 1884-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு வில்லியம் ஜேம்ஸ் ஒரு துணிச்சலான கருத்தை எழுதினார். பயந்ததால் நெஞ்சு படபடக்கிறது என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். அது தலைகீழ் என்றார் அவர். ஆபத்தைக் கண்டதும் உடல் முதலில் மாறுகிறது. அந்த மாற்றத்தை மூளை உணர்வதுதான் பயம். படபடப்பு, நடுக்கம், வியர்வை எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் பயத்தில் மிஞ்சுவது வெறும் எண்ணம் மட்டுமே. டென்மார்க்கின் கார்ல் லாங்கே அடுத்த ஆண்டே ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்தார். உடலில் இருந்து வரும் செய்தி அறுந்துபோனால் உணர்ச்சி மங்க வேண்டும் என்பது இந்தக் கொள்கையின் கணிப்பு. ஹோமன் கேட்டது அப்படியே அதன் பக்கம் நிற்கிறது.

எதிர்ப்பக்கத்தில் ஒரு பழைய ஊசிக் கதை இருக்கிறது. ஸ்பெயின் மருத்துவர் கிரெகோரியோ மரன்யோன் 210 பேருக்கு அட்ரினலின் ஊசி போட்டு, 1924-இல் முடிவுகளை எழுதினார். அந்த மருந்து நெஞ்சைப் படபடக்க வைக்கும், கையை நடுங்க வைக்கும். ஜேம்ஸ் சொன்னது முழு உண்மையானால் எல்லோரும் பயந்திருக்க வேண்டும். பெரும்பாலோர் படபடப்பாக இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே உணர்ச்சி என்று எதையாவது குறிப்பிட்டார்கள். அவர்களிலும் அநேகர், பயந்தது மாதிரி இருக்கிறது, ஆனால் பயம் இல்லை என்றார்கள். சிலருக்கு மட்டும் நிஜமான துக்கம் பொங்கியது. ஊசிக்கு முன் அவர்களிடம் இறந்துபோன பெற்றோரைப் பற்றியோ, நோயில் கிடக்கும் பிள்ளையைப் பற்றியோ பேச்சு நடந்திருந்தது.

உடல் கிளர்ந்தால் போதாது, அந்தக் கிளர்ச்சி எதைப் பற்றியது என்பதும் வேண்டும். 1960-இல் மக்டா ஆர்னால்டு வகுத்த மதிப்பீட்டுக் கொள்கை இந்த 'எதைப் பற்றியது' என்பதையே முதலில் வைக்கிறது. ஒரு நிகழ்வு எனக்கு நல்லதா கெட்டதா என்று மனம் நொடியில் எடை போடுகிறது, அதிலிருந்துதான் உணர்ச்சியும் உடல் மாற்றமும் பிறக்கின்றன என்பது அதன் சாரம். இதற்கு ரிச்சர்ட் லாசரஸ் குழுவினர் 1964-இல் நல்ல சான்று தந்தார்கள். ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் சடங்கு ஒன்றில் சிறுவர்களின் உடலைக் கீறும் படத்தைச் சிலருக்குப் போட்டுக் காட்டினார்கள். படம் ஒன்றே, பின்னணிப் பேச்சுதான் வேறு. வேதனையை அழுத்திச் சொன்ன பேச்சைக் கேட்டவர்களுக்குக் கை அதிகம் வியர்த்தது. இது பெரிதாக வலிப்பதில்லை என்றோ, ஓர் ஆய்வாளரின் விலகிய குரலிலோ சொன்னபோது வியர்வை குறைந்தது. தோலில் ஒட்டிய மின்முனைகள் அதை அளந்தன. கண்ணில் பட்டது மாறவில்லை, அதற்குக் கொடுத்த பொருள் மாறியதும் உடல் மாறிவிட்டது.

ஒவ்வொரு உணர்ச்சிக்கும் உடலில் தனி முத்திரை இருந்தால் ஜேம்ஸுக்கு அது பெரிய பலம். 1983-இல் பால் எக்மன் குழு அப்படி ஒன்றைக் கண்டதாகச் சொன்னது. கோபம், பயம் இரண்டிலும் நாடித்துடிப்பு ஏறியது, விரலின் சூடு மட்டும் கோபத்தில் கூடுதலாக இருந்தது. ஆனால் 2018-இல் 202 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு அத்தகைய நிலையான முத்திரை எதுவும் கிடைக்கவில்லை. ஒரே பயத்தில் ஒருவருக்கு நாடி ஏறுகிறது, இன்னொருவருக்கு இறங்குகிறது. நாடியை மட்டும் வைத்து இது கோபமா பயமா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஹோமனின் ஆய்வும் பின்னால் ஆட்டம் கண்டது. பல வருடங்களுக்கு முந்தைய கோபத்தை நினைவில் இருந்து ஒப்பிடச் சொன்னார் அவர். நினைவு மங்கும், வயதும் கோபத்தைத் தணிக்கும். 1988-இல் கேத்லீன் ஷ்வாலிஸும் உடன் ஆய்வாளர்களும் தண்டு முறிந்தவர்களை, முறிவு இல்லாதவர்களோடு ஒப்பிட்டார்கள். உணர்ச்சி பெரிதாக மங்கியதாகத் தெரியவில்லை. சிலவற்றை முன்பைவிடத் தீவிரமாக உணர்வதாகவே பலர் சொன்னார்கள். அதோடு உடற்கூறு சார்ந்த ஒரு சிக்கலும் உண்டு. வேகஸ் நரம்பு முதுகுத் தண்டு வழியாகப் போவதில்லை. மூளையின் அடியில் இருந்து நேராக இதயத்துக்கும் வயிற்றுக்கும் இறங்கி, அங்குள்ள நிலவரத்தை மேலே அனுப்புகிறது. தண்டு அறுந்தாலும் அந்தப் பாதை திறந்தே இருக்கும். ஆகவே உடல் செய்தி முழுவதும் நின்றுபோன மனிதரை அந்த ஆய்வுகள் பார்க்கவே இல்லை.

என் பார்வையில் இந்த வழக்கில் மிக வலுவான சாட்சி அயோவா பல்கலைக்கழகம் பல காலம் ஆய்ந்துவந்த, எஸ்.எம். என்று மட்டும் அறியப்படும் பெண். உர்பாக்-வீத்தே என்ற அரிய மரபுநோய் அவருடைய மூளையில் இரு பக்க அமிக்டலாவையும் அழித்துவிட்டது. வெளியில் இருக்கும் ஆபத்தை எடைபோட்டு உடலை உசுப்பிவிடுவதில் முக்கியப் பங்கு வகிக்கும் சிறு பகுதி அது. அவருக்குப் பாம்பைக் கண்டாலும் பயமில்லை, பேய் வீட்டுக் காட்சிக்கு அழைத்துப் போனாலும் பயமில்லை.

2013-இல் ஜஸ்டின் ஃபைன்ஸ்டைன் குழுவினர் அவரையும், அதே பாதிப்புள்ள இரட்டையர் இருவரையும் 35 சதவீதம் கரியமில வாயு கலந்த காற்றை ஒரே ஒரு மூச்சு இழுக்க வைத்தார்கள். மூச்சு முட்டும், ஆனால் ஆபத்தில்லை. மூவருமே திகிலில் துடித்துவிட்டார்கள். அமிக்டலா நன்றாக இருந்த 12 பேரில் அப்படிப் பீதி கண்டவர்கள் மூவர்தான். இன்னொரு விவரம் இதைவிடச் சிந்திக்க வைக்கிறது. முகமூடி வருவதற்கு முந்தைய நிமிடங்களில், என்ன நடக்கப்போகிறதோ என்று நலமானவர்களின் உடல் தயாரானது, அவர்களுக்கு வியர்த்தது. இந்த மூவரிடம் அந்த முன்பதற்றம் இல்லை.

இரண்டு கொள்கைகளும் ஒரே ஆய்வில் அருகருகே தெரிகின்றன. வரப்போவதை எண்ணி அஞ்சும் பயத்துக்கு மதிப்பீடு வேண்டும், அந்த வழி இவர்களிடம் அடைபட்டிருக்கிறது. ரத்தத்தில் அமிலம் ஏறி, மூளையின் அடிப்பகுதியில் உள்ள உணரிகள் விழித்துக்கொண்டதும் எழும் பயத்துக்கு அமிக்டலா தேவைப்படவில்லை. மூச்சு முட்டியதும் 'செத்துவிடுவேனோ' என்று மனம் எடைபோட்டதால்தான் பீதி வந்தது என்று மதிப்பீட்டுக் கொள்கையினர் வாதிடலாம். அதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த எடைபோடலுக்குப் பொருளே உள்ளிருந்து வந்த செய்திதான்.

இதே இரட்டையர்களுக்குப் பிறகு சாகிப் கால்சா குழுவினர் நாடியையும் மூச்சையும் விரைவாக்கும் ஐசோபுரோட்டரினால் மருந்தை ஏற்றினார்கள். 2016-இல் முடிவு வெளிவந்தது. பதற்றம் இருவருக்கும் வந்தது. முழுப் பீதியாக முற்றியது ஒருவருக்குத்தான். பீதி அடையாத மற்றவர், மூச்சுத் திணறல் எதையும் தாம் உணரவே இல்லை என்றார்.