மூச்சு வரையும் கோடு

ஸ்பைரோமெட்ரி சோதனையில் மூக்கை கிளிப்பால் அடைத்து, நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, குழாயில் ஒரே வீச்சாக ஊதச் சொல்வார்கள். ஊதும் வேகம் செங்குத்து அச்சிலும், வெளியேறிய காற்றின் அளவு கிடை அச்சிலும் கோடாக விழும்.

நலமான நுரையீரலில் கோடு சட்டென உச்சிக்கு ஏறி, ஏறக்குறைய நேர்சரிவாக இறங்கும். மீண்டும் மூச்சிழுக்கும்போது கீழே அரைவட்டம் உருவாகும்.

நெடுநாள் புகைபிடித்த ஒருவர் மொத்தம் 3.2 லிட்டர் ஊதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் நொடியில் வந்தது 1.6 லிட்டர்தான், அதாவது பாதி. 70 சதவீதத்துக்குக் கீழே போனால் அடைப்பு என்பது வழக்கமான கணக்கு. அவருடைய சரிவு கரண்டியால் தோண்டியதுபோல் உட்குழியும். ஊதும் அழுத்தத்தில் சிறு மூச்சுக்குழல்கள் நெரிந்துபோவதே காரணம். மூச்சுக்குழலை விரிக்கும் மருந்து கொடுத்தபின் குழி நிரம்பினால், ஆஸ்துமாவோ என்ற ஐயம் வலுக்கும்.

நுரையீரல் தழும்பேறி விறைத்தவருக்கோ வளைவு ஒடுங்கி, ஒல்லியாக உயர்ந்து நிற்கும். மொத்தம் 1.8 லிட்டரே வந்தாலும், அதில் 1.5 லிட்டர் முதல் நொடியிலேயே வந்துவிடும்.

ஊதுவதைப் பாதியில் நிறுத்தினாலும் வளைவு ஒடுங்கும். ஆனால் அப்போது கோட்டின் முனை திடீரென்று வெட்டுப்பட்டதுபோல் விழும். அதனால்தான் குறைந்தது மூன்று முறை சரியாக ஊதவைக்கிறார்கள். சுருக்கத்தை உறுதிசெய்ய, நுரையீரலின் மொத்தக் கொள்ளளவைத் தனியாக அளக்க வேண்டும்.