டெக்ஸ்டரோட காலை டிபன்: யாரையும் கொல்லாத ஒரு கொலைகார டைட்டில்

இன்னிக்கு எபிசோட் ஒரு அசிங்கத்துல இருந்து ஆரம்பிக்குது.

காலேஜ் ஹாஸ்டல்ல ஒரு ஹார்ட் டிஸ்க் ரூம் ரூமா சுத்தும். அதுலதான் நான் ‘டெக்ஸ்டர்’ பார்த்தேன். லேப்டாப்ல எபிசோட் ஆரம்பிச்சதுமே ரைட் ஆரோ கீயைப் பத்துத் தடவை தட்டி டைட்டிலைத் தாண்டிடுவேன். பேரு போடறதைப் பார்த்து என்ன ஆகப்போகுதுன்னு நினைப்பு. மூணு சீசன் இப்படியே ஓடிச்சு. நாலாவது சீசன் முதல் எபிசோடை அஞ்சாறு பேரா உட்கார்ந்து பார்த்தோம். திரையில ஒரு கொசு பறக்குது, ஹீரோ அடிக்கறான், கொசு தப்பிச்சிடுது. ரூமே சிரிச்சுது. நான் மட்டும் “ஏன்டா சிரிக்கறீங்க, கொசுதானே?”ன்னு கேட்டேன். அதுக்கும் சேர்த்து இன்னொரு ரவுண்டு சிரிச்சாங்க.

அந்த ஜோக் ஏன் எனக்குப் புரியலைங்கறதுதான் இன்னிக்கு மேட்டர். டெக்ஸ்டர் பார்க்காதவங்களுக்காக: ரொம்ப லேசான ஸ்பாய்லர் இருக்கு, கதை முடிவைத் தொடமாட்டேன்.

2006ல் ஷோடைம் சேனலில் வந்த தொடர். டெக்ஸ்டர் மார்கன் மயாமி போலீசில் வேலை பார்க்கிற ஆள். கொலை நடந்த இடத்துல ரத்தம் எப்படித் தெறிச்சிருக்குன்னு பார்த்து, என்ன நடந்திருக்கும்னு சொல்றவன். அவனே ஒரு தொடர் கொலைகாரன். ஆனா கொலைகாரர்களை மட்டும்தான் கொல்லுவான். டைட்டிலை டிஜிட்டல் கிச்சன்ங்கற டிசைன் ஸ்டூடியோ செஞ்சது. 2007ல் டைட்டில் டிசைனுக்கான எம்மி விருது இதுக்குத்தான் போச்சு. நீளம் ரெண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கம்மி.

அந்த ரெண்டு நிமிஷத்துல என்ன நடக்குது? ஒரு மனுஷன் காலையில எழுந்து வேலைக்குக் கிளம்பறான். அவ்வளவுதான். கையில உட்கார்ந்த கொசுவை அடிக்கறான். ஷேவ் பண்றான், கழுத்துல லேசா வெட்டுக்காயம், ஒரு சொட்டு ரத்தம் வாஷ் பேசின்ல விழுது. இறைச்சி பாக்கெட்டைக் கத்தியால கீறித் திறந்து, வறுத்து, மெல்றான். முட்டை உடைச்சுப் போட்டு, சாஸ் ஊத்தி, வெட்டறான். காபிக் கொட்டை அரைபடுது. ப்ளட் ஆரஞ்சுன்னு உள்ளே செவசெவன்னு இருக்கற பழம் ஒண்ணைப் பிழியறான். பல்லிடுக்கை சுத்தம் பண்ற ஃப்ளாஸ் நூலை விரல்ல சுத்தி இறுக்கறான். ஷூ லேஸ் இழுத்துக் கட்டறான். வெள்ளை டி-ஷர்ட்டைத் தலை வழியா மாட்டறான். கதவைப் பூட்டிட்டு வெளியே போறான்.

இதை எங்க அம்மாகிட்ட ஒருநாள் போட்டுக் காட்டினேன். கதை எதுவும் சொல்லல. அம்மா பார்த்து முடிச்சிட்டு, “யாரையும் எதுவும் பண்ணலையே, ஆனா இந்தப் பையன் சரியில்லடா” என்றார். எதை வச்சு அப்படித் தோணுச்சுன்னு கேட்டேன். “சாப்பிடறதைப் பாரேன்” என்பதுதான் பதில்.

அம்மா சொன்னது சரி. ஆனா ஏன் சரி? இதுக்கு நான் கண்டுபிடிச்ச ஒரு வழி இருக்கு. சவுண்டை மியூட் பண்ணிட்டு, ஒவ்வொரு ஷாட்டுக்கும் வினைச்சொல்லை மட்டும் எழுதுங்க. பொருளோட பேரை எழுதாதீங்க. முட்டை, காபி, லேஸ் எதுவும் வேண்டாம். நான் எழுதினது இது: அடி, மழி, கீறு, வறு, மெல்லு, உடை, வெட்டு, அரை, பிழி, சுத்து, இறுக்கு, மூடு, பூட்டு. இந்தப் பட்டியலை யார்கிட்டயாவது கொடுத்து, இது என்ன மாதிரி தொடர்னு கேட்டுப் பாருங்க. சமையல் நிகழ்ச்சின்னு யாரும் சொல்லமாட்டாங்க.

அதாவது டைட்டில்ல கொலைக்கான செயல் எல்லாம் இருக்கு, கொலைதான் இல்ல. வன்முறையைக் காட்டிப் பயமுறுத்தியிருந்தா, இவன் கெட்டவன்னு ஒரு வரியில முடிஞ்சிருக்கும். இங்க சொல்ற விஷயம் வேற. இவனுக்கு முட்டையை உடைக்கறதும் ஆளை முடிக்கறதும் ஒரே கை, ஒரே நிதானம், ஒரே திருப்தி. கொலை அவன் வாழ்க்கையில தனியா ஒரு ரூம்ல பூட்டி வச்ச ரகசியமா இல்ல, காலை டிபன்லயே கலந்திருக்கு. முதல் வசனம் வர்றதுக்கு முன்னாடியே அவனோட குணம் நமக்கு வந்து சேர்ந்திடுது.

இதைச் சாத்தியமாக்கறது லென்ஸ். கிட்டத்தட்ட முழுக்க மேக்ரோ க்ளோசப். முட்டை வாணலியில இருக்கறதை முழுசா காட்டினா அது டிபன். மஞ்சள் கரு மட்டும் திரை முழுக்க இருந்து, அது மேல சிவப்பு சாஸ் சொட்டினா, மூளை அது என்னன்னு தேட ஆரம்பிக்குது. அந்த அரை நொடித் தேடல்லதான் சதை, தோல், ரத்தம்னு தோணுது. அடுத்த கட்ல அது வெறும் முட்டைன்னு தெரிஞ்சாலும், தோணினது தோணினதுதான். ஃப்ளாஸ் நூல் ஷாட்டையும் பாருங்க. பல்லு கொஞ்ச நேரம்தான் வருது. நூல் சுத்தி வெளுத்துப் போன விரல்தான் நம்மகிட்ட நிக்குது.

பின்னணி இசை ரோல்ஃப் கென்ட். பயமுறுத்தற இசை இல்ல, குறும்பா தாளம் போட வைக்கற இசை. இது ரொம்ப முக்கியமான முடிவுன்னு நினைக்கறேன். படம் பயப்படச் சொல்லுது, பாட்டு சிரிக்கச் சொல்லுது. ரெண்டும் இழுக்கற இடத்துல நாம நிக்கறோம். அப்புறம் எபிசோட் எபிசோடா இவன் மாட்டிக்கக் கூடாதேன்னு பதறிக்கிட்டு உட்கார்ந்திருக்கப் போறோம் இல்லையா, அதுக்கான மனநிலை இங்கயே ரெடி ஆகுது.

இப்போ ஒரு நேர்மையான விஷயம். முதல் எபிசோட் பார்க்கறப்போ இதுல பாதி வேலை செய்யாது. டெக்ஸ்டர் தன் பலியாட்களைப் பிளாஸ்டிக் ஷீட்டால சுத்தி மேசையோட கட்டி வைப்பான், கன்னத்துல சின்னதா கீறி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து கண்ணாடித் தகட்டுல சேமிப்பான். இது தெரிஞ்ச பிறகுதான் பேசின்ல விழுந்த அந்த ஒரு சொட்டு உறுத்தும். பிளாஸ்டிக் உறையைக் கீறற கத்தி உறுத்தும். எனக்கு எல்லாத்தையும் விட உறுத்தறது டி-ஷர்ட். தலை வழியா மாட்டும்போது துணி இழுபட்டு, மூக்கும் வாயும் துணி மேல அச்சா தெரியும். ஒரு நொடி, மேசை மேல படுத்திருக்கறவன் முகம் அது. அங்க கட்டிப் போடறவனும் கட்டுப்பட்டவனும் ஒரே ஆளா இருக்கான்.

டைட்டில் முன்னோட்டம்னு சொல்றோம். ஆனா நல்ல டைட்டிலோட பாதி அர்த்தம் பின்னாடி இருந்துதான் வருது. முதல் தடவை மனநிலையைக் கொடுக்கும், மூணாவது எபிசோட்ல இருந்து கதையைத் திருப்பிச் சொல்லும். அதனால முதல் எபிசோட்ல பார்த்துட்டு அப்புறம் ஸ்கிப் பண்றவங்க, பாவம், தப்பான பாதியைப் பார்க்கறாங்க. (நான் ரெண்டு பாதியையும் விட்டவன், பேசத் தகுதி இல்ல.)

கடைசி ஷாட்டும் சும்மா இல்ல. அதுவரைக்கும் துண்டு துண்டா பார்த்த மனுஷனை வெளியே வந்த பிறகு முழுசா காட்டறாங்க. எதிர்ல யாரையோ பார்த்து லேசா தலையசைச்சிட்டு நடக்கறான். பார்த்தா சாதாரணமான பக்கத்து வீட்டுக்காரன். வீட்டுக்குள்ள பார்த்தது எல்லாம் நமக்கு மட்டும் தெரியும், தெருவுக்குத் தெரியாது. எட்டு சீசனுக்கும் நாம அந்த ரகசியத்தைத் தெரிஞ்ச ஆளாத்தான் உட்கார்ந்திருக்கோம்.

எல்லா டைட்டிலும் இதே வேலையைச் செய்யணும்னு இல்ல. 2011ல் வந்த ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ டைட்டில் குணத்தைத் தொடறதே இல்ல. அது ஒரு மேப். அத்தனை ஊரு, அத்தனை குடும்பம் இருக்கற கதையில யார் எங்க இருக்காங்கன்னு தெரியணும். அதனால அந்த எபிசோடுக்குத் தேவையான ஊருங்களைக் காட்டும், ஊரோட நிலைமை மாறினா மேப்பும் மாறும். வின்டர்ஃபெல் எரிக்கப்பட்ட பிறகு டைட்டில்லயும் அங்க புகை கிளம்பும். டெக்ஸ்டர் டைட்டில் அதுக்கு நேர் எதிர். அது மாறவே மாறாது. அவனுக்குக் கல்யாணம் ஆனாலும், யார் செத்தாலும், அதே கொசு, அதே முட்டை.

சொதப்பற டைட்டில்களைக் கண்டுபிடிக்கறதும் இந்த இடத்துலதான். 2014ல் ‘ட்ரூ டிடெக்டிவ்’ முதல் சீசன் வந்தது. அதோட டைட்டில்ல லூசியானாவின் ரசாயன ஆலைகள் மனித உடம்புக்குள்ள தெரியும். அந்த மண்ணோட அழுகல் அந்த மனுஷங்களுக்குள்ள இறங்கியிருக்குங்கறதுதான் கதையே. அதுக்கப்புறம் முகத்துக்குள்ள சிட்டி, முகத்துக்குள்ள காடுன்னு நிறைய டைட்டில் பார்த்துட்டேன். அழகா இருக்கும். ஆனா தொடரோட பேரை மறைச்சிட்டு வேற க்ரைம் தொடருக்கு ஒட்டினாலும் ஒட்டிக்கும். டெக்ஸ்டரோட முட்டையை வேற எதுக்கும் ஒட்ட முடியாது.

சரி, அந்தக் கொசு. நாலாவது சீசன் ஆரம்பத்துல டெக்ஸ்டருக்குக் கல்யாணம் ஆகி, கைக்குழந்தை இருக்கு, ராத்திரி தூக்கம் கிடையாது. அதைச் சொல்ல வசனம் எழுதல. மூணு சீசனா நாம மனப்பாடம் பண்ணி வச்ச அந்தக் காலையை அப்படியே திருப்பி, எல்லாத்தையும் தப்பா நடக்க விட்டாங்க. கொசு தப்பிச்சுது. ஷூ லேஸ் இழுக்கும்போது அறுந்துபோச்சு. வெள்ளை டி-ஷர்ட் தலையை விட்டு வெளியே வரும்போது அது மேல குழந்தை கக்கின கறை. எந்தக் கை நடுங்காதுன்னு டைட்டில் இத்தனை நாளா அடிச்சுச் சொல்லிச்சோ, அந்தக் கை தூக்கக் கலக்கத்துல தடுமாறுது. இந்த மாதிரி ஒரு ஆள் அடுத்த கொலையில தப்பு பண்ணுவான்னு நமக்கே பயம் வந்துடும். டைட்டில் மாறாம இருந்ததாலதான் இந்த ஒரு தடவை வேலை செஞ்சுது. ஹாஸ்டல்ல எல்லாரும் சிரிச்சது இதுக்கு. நான் பார்த்தது வெறும் கொசு.

போன வாரம் இந்த க்ளிப்பையும் அம்மாகிட்ட காட்டினேன். பார்த்துட்டு, “இப்பதான்டா மனுஷன் மாதிரி இருக்கான்” என்றார்.