கூட்டம் முடிந்த பிறகு ஒரு கடிதம்

மைக்செட்காரருக்குக் கணக்குத் தீர்த்து, நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தோம். நண்பர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து புதுக்கோட்டையில் நடத்திய ஒருநாள் கல்வெட்டு வாசிப்புப் பயிற்சி அது. வகுப்பு எடுத்தவர்கள் மூன்று பேர், வந்தவர்கள் 118 பேர். "சார், அந்த வட்டெழுத்து சார்ட்டை மெயில்ல அனுப்பிடுவீங்கல்ல?" என்று செருப்பை மாட்டிக்கொண்டே பலர் கேட்டார்கள். "நாளைக்கே வந்துடும்" என்று வாயை விட்டுவிட்டேன்.

சொன்னபடி அன்றிரவே அனுப்பினேன். To கட்டத்தில் 118 முகவரிகள், நாலு வரி நன்றி, கீழே கூகுள் டிரைவ் லிங்க் ஒன்று. காலையில் என் பெட்டியில் நாற்பதுக்கும் மேல் மெயில்கள், எல்லாம் அனுமதி கேட்டு வந்தவை. லிங்க் யாருக்கும் திறக்கவில்லை. இதற்கிடையில் ஒருவர் Reply all அழுத்தித் தன் இன்ஷூரன்ஸ் பாலிசிகளைப் பற்றி 117 பேருக்கும் எழுதியிருந்தார். பத்து மணிக்கு ஓர் அம்மா போன் செய்தார்: "என் மெயில் ஐடியை ஊருக்கெல்லாம் கொடுக்க யார் சொன்னாங்க?" அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. மதியம் வகுப்பு எடுத்த பெரியவர் கூப்பிட்டார். அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது. "தம்பி, அதுல இன்னும் நான் வெளியிடாத மைப்படிப் படங்கள் இருக்கே" என்றார். லிங்க் திறக்காமல் போனதே அவருக்கு நல்லதாயிற்று.

அடுத்த பயிற்சிக்குள் இதையெல்லாம் சரிசெய்தோம். முதலில் மாற்றியது வரிசையை. அன்றிரவு போகவேண்டியது வகுப்பு எடுத்தவர்களுக்கான கடிதம் மட்டும், மூவருக்கும் தனித்தனியாக. வந்தவர்களுக்கு மூன்றாம் நாள் போதும். ஸ்லைடுகளும் படங்களும் அவர்களுடைய உழைப்பு, சட்டப்படியும் காப்புரிமை பொதுவாக உருவாக்கியவருக்கே. மேடையில் காட்ட ஒத்துக்கொண்டார் என்பதாலேயே விநியோகிக்க ஒத்துக்கொண்டார் என்று ஆகிவிடாது. அவர் பதில் வராமல் மற்றக் கடிதத்தை எழுதவே முடியாது.

பெரியவருக்கு இரண்டாம் முறை எழுதிய கடிதம் ஏறக்குறைய இப்படி இருந்தது:

"அய்யா, வணக்கம். உடைந்த வரியை இரண்டு விதமாகப் படிக்கலாம் என்று மைப்படியை விரித்துக் காட்டினீர்களே, நீங்கள் கிளம்பிய பிறகும் மூன்று பேர் அதைப் பற்றியே வாதாடிக்கொண்டிருந்தார்கள். மிக்க நன்றி. கார் வாடகையை நாளை அனுப்பிவிடுகிறோம். உங்கள் ஸ்லைடுகளை வந்தவர்களுக்கு அனுப்பலாமா? சில பக்கங்களை எடுத்துவிட வேண்டுமானால் எண்ணை மட்டும் சொல்லுங்கள், நாங்களே எடுத்துவிடுகிறோம். புதன் மாலைக்குள் தங்கள் பதில் வராவிட்டால் அனுப்ப மாட்டோம்."

கடைசி வரியைப் பலர் தலைகீழாக எழுதுவார்கள்; பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதாக. பெரியவர்கள் மெயில் பார்க்க நாலு நாள் ஆகும். அந்த நாலு நாளைச் சம்மதமாக எண்ணுவது சரியில்லை. அவர் மறுநாளே ஒன்பது பக்க எண்களை அனுப்பினார், அவற்றை எடுத்தோம்.

மிச்சத்தை PDF ஆக்கித்தான் அனுப்ப வேண்டும். பவர்பாயிண்ட் கோப்பை அப்படியே கொடுத்தால் ஸ்லைடுக்கு அடியில் பேச்சாளர் தனக்கென்று எழுதி வைத்த குறிப்புகளும் கூடவே போகும். எங்கள் கோப்பு ஒன்றில் 'இந்தக் கேள்வி வந்தால் நழுவிவிடு' என்று இருந்தது! எழுத்துருச் சிக்கல் தமிழுக்கே உரியது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய ஸ்லைடு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'வணக்கம்' என்பதை tzf;fk; என்று காட்டும். PDF ஆக்கும்போது எழுத்துருவும் உள்ளேயே பதிந்துவிடும். ஆனால் அந்த எழுத்துரு உள்ள கணினியில்தான் மாற்ற வேண்டும், அதனால் பேச்சாளரிடமே PDF கேட்டு வாங்குவது உத்தமம். கோப்பின் கனமும் பார்க்க வேண்டியது. ஜிமெயிலில் 25 எம்.பி.க்கு மேல் இணைத்து அனுப்ப முடியாது. போனில் எடுத்த கல்வெட்டுப் படங்கள் பத்துப் பதினைந்து சேர்ந்தாலே அதைத் தாண்டிவிடும். அதனால்தான் லிங்க்.

லிங்க் ஏன் திறக்கவில்லை என்பது சின்ன விஷயம். சொந்தக் கணக்கில் டிரைவில் ஏற்றும் கோப்பு முதலில் Restricted என்ற நிலையில் இருக்கும். பெயர் சொல்லிச் சேர்த்தவர்கள்தான் பார்க்கலாம். அதை Anyone with the link என்றும், பக்கத்தில் Viewer என்றும் மாற்ற வேண்டும். அங்கே Editor என்று விட்டுவிட்டால் யாராவது கைதவறிக் கோப்பையே மாற்றிவிடலாம். மாற்றியது சரியா என்று நம் கணினியில் திறந்து பார்த்து நம்பக்கூடாது, நமக்கு எப்போதும் திறக்கும். பிரௌசரின் மறைமுக ஜன்னலில், கணக்கில் நுழையாமல் திறந்து பார்க்க வேண்டும். 'இந்த லிங்க் உள்ளவர் எவரும் பார்க்கலாம்' என்றால் அது எங்கும் பரவலாம் என்பதும் அர்த்தம். அந்த ஒன்பது பக்கங்களை முன்பே எடுத்தது இதற்காகவும்தான்.

முகவரிகளை Bcc கட்டத்தில் போட்டு, To கட்டத்தில் எங்கள் முகவரியையே வைத்தோம். இப்போது யாராவது Reply all அழுத்தினாலும் அது எங்களுக்கு மட்டும்தான் வரும். இலவச ஜிமெயிலில் நாளொன்றுக்கு 500 பேர் வரைதான் அனுப்ப முடியும், எங்களுக்கு அது தாராளம். ஆனால் பதிவேட்டில் பேனாவால் எழுதிய முகவரிகள் படுத்திய பாடு! ஒன்றா எல்லா, பூஜ்யமா ஓவா என்று தெரியாமல் தட்டியதில் பதினொரு மெயில் Address not found என்று திரும்பி வந்தது. இப்போது வாசலில் உட்காருபவர் எழுதியதை வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டுத்தான் உள்ளே விடுகிறார். அதே ஏட்டில் 'அடுத்த பயிற்சிக்கும் தகவல் அனுப்பலாமா' என்று ஒரு கட்டமும் சேர்த்தோம். டிக் அடிக்காதவருக்கு இந்த ஒரு கடிதத்தோடு சரி.

முதல் கடிதத்தை 'தொடர்ந்து தொடர்பில் இருங்கள்' என்று முடித்திருந்தேன். ஒருவரும் தொடர்பில் இல்லை. எதைப் பற்றி, யாருக்கு, எப்படி எழுதுவது என்று எதையும் சொல்லாத அழைப்பு அது. இரண்டாம் முறை முடிவு இப்படி: "உங்கள் ஊர்க் கோயிலிலோ கண்மாயிலோ படிக்க முடியாத கல்வெட்டு இருந்தால் படம் எடுத்து இந்த மெயிலுக்கே பதிலாக அனுப்புங்கள். சுண்ணாம்போ மாவோ பூச வேண்டாம். மாலையில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்து எழும்பும். ஊர்ப் பெயரும் கல் இருக்கும் இடமும் எழுதுங்கள். பதினைந்து நாளுக்குள் பதில் சொல்கிறோம்." பெரியவரின் போன் எண்ணைக் கொடுக்கவில்லை. கேள்விகளை நாங்கள் வாங்கி, வாரம் ஒருமுறை ஒன்றாகக் கொண்டுபோய்க் காட்டுவதாக ஏற்பாடு.

ஏழு பேர் எழுதினார்கள். அதில் ஒருவர் ஓய்வு பெற்ற ஆசிரியை. கண்மாய் மடையின் குமிழித் தூணில் இருந்த நாலு வரியைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பியிருந்தார். "மூன்றாவது வரியில் ரெண்டாவது எழுத்து 'ப'வா, 'ய'வா? என் பேரன் 'ப' என்கிறான்." ஞாயிற்றுக்கிழமை பெரியவரிடம் காட்டினோம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"பேரன் சொல்றதுதான் சரி" என்றார்.