சவ்வுப் பையில் ஓர் உயிரணு

உயிரணுவைச் சூழ்ந்துள்ள மெல்லிய சவ்வு சில பொருள்களை வழிவிடுகிறது. சிலவற்றை மறித்து நிறுத்துகிறது. கண்ணுக்குப் புலப்படாத இந்நிகழ்ச்சியைப் பள்ளிச் சோதனைச்சாலையிலேயே ஒருவாறு காணலாம். அதற்கு டயாலிசிஸ் குழாய் என்னும் செல்லுலோஸ் சவ்வுக் குழாயில் ஒரு சாண் நீளம் போதும். ஸ்காட்லாந்து நாட்டு இரசாயன அறிஞர் தாமஸ் கிரஹாம், சர்க்கரை போன்றவை காகிதச் சவ்வை எளிதில் கடப்பதையும், பிசின் போன்றவை கடவாது தங்குவதையும் ஆராய்ந்து, அவ்வாறு பொருள்களைப் பிரிக்கும் முறைக்கு 1861-ஆம் ஆண்டில் டயாலிசிஸ் என்று பெயரிட்டார்.

உலர்ந்த குழாய் தட்டையாக ஒட்டிக் கிடக்கும். சில நிமிடங்கள் நீரில் ஊறவைத்து, விரல்களிடையே மெல்லத் தேய்த்தால் வாய் திறக்கும். ஒரு முனையை நூலால் இறுகக் கட்டுக. மாவுச்சத்தை நீரில் கலந்து கொதிக்கவைத்து ஆற்றிய கரைசலில் குளுகோஸைக் கரைத்து, அதில் 15 கன சென்டிமீட்டர் அளவு குழாயினுள் ஊற்றுக. மேலே சிறிது இடம் விட்டு மறு முனையையும் கட்டுக. பின்பு பையின் வெளிப்புறத்தை ஓடும் நீரில் நன்கு கழுவுக.

ஒரு முகவையில் நீர் எடுத்து, வெளிறிய தேநீரின் நிறம் வரும்வரை அயோடின் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுக. அந்நீரில் சிறிதளவைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, பையை முகவையில் அமிழ்த்தி அரைமணி நேரம் காத்திருங்கள்.

பையின் உட்புறம் கருநீலமாகிறது. வெளியே உள்ள நீரோ தன் மஞ்சள் நிறத்திலேயே நிற்கிறது. மாவுச்சத்தின் நீண்ட சங்கிலி சுருள் சுருளாக வளைந்தது. அச்சுருளின் உள்ளே அயோடின் அமரும்போதுதான் கருநீலம் தோன்றும். ஆகவே இங்கு அயோடின் இரண்டு வேலைகளைச் செய்கிறது. அது சவ்வைக் கடக்கும் பயணி. மாவுச்சத்து இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கும் ஒற்றனும் அதுவே. உள்ளே நிறம் மாறியமையால் அயோடின் புகுந்தது என்று அறிகிறோம். வெளியே அயோடின் இருந்தும் நீலம் தோன்றாமையால் மாவுச்சத்து வெளிவரவில்லை என்று அறிகிறோம்.

குளுகோஸுக்கு நிறமில்லை, அதற்கு வேறு சான்று வேண்டும். தனியே எடுத்து வைத்த நீரையும், அரைமணிக்குப் பின் முகவையிலிருந்து எடுத்த நீரையும் இரு சோதனைக் குழாய்களில் இட்டு, ஒவ்வொன்றிலும் சம அளவு பெனடிக்ட் கரைசலைச் சேர்த்து, கொதிநீரில் ஐந்து நிமிடம் வைத்திருக்க வேண்டும். முதற்குழாய் நீலமாகவே இருக்கும். இரண்டாவது, கடந்துவந்த சர்க்கரையின் அளவுக்கேற்பப் பச்சை, மஞ்சள் அல்லது செங்கல் நிறம் பெறும். முதற்குழாய் இல்லையேல், சர்க்கரை தொடக்கத்திலேயே நீரில் கலந்திருந்ததோ என்னும் ஐயம் தீராது.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் உருவளவே. குளுகோஸ் மூலக்கூற்றின் எடை 180. மாவுச்சத்து மூலக்கூறோ அதைப் போன்ற நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான அலகுகள் கோத்த சங்கிலி. சவ்வின் நுண்துளைகள் சிறியதை விடுகின்றன; பெரியதை விடுவதில்லை. சிறிய நீர் மூலக்கூறுகளும் உள்ளே புகுவதால் பை சற்றே விறைப்பதையும் தொட்டுணரலாம்.

சில வேளைகளில் வெளிநீரும் நீலமாகிவிடும். அதைக் கொண்டு மாவுச்சத்து சவ்வைக் கடந்தது என்று முடிவு கட்டிவிடலாகாது. பையை அமிழ்த்தியவுடனே இலேசான நீலம் தோன்றி, பின் மிகாமல் நின்றால், வெளிப்புறம் சரியாகக் கழுவப்படவில்லை என்று பொருள். முடிச்சின் அருகிலிருந்து நீலக்கீற்று இறங்கி வரவர மிகுந்தால், கட்டு நெகிழ்ந்து கசிகிறது என்று பொருள். இரண்டிலும் பிழை நம் கையினதே. சோதனையை மீண்டும் செய்ய வேண்டும்.

பிழையின்றிச் செய்த சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. இந்தப் பை உருவளவு ஒன்றையே பார்க்கிறது. உயிருள்ள சவ்வு அத்தகையதன்று. அது கொழுப்புப் பொருளால் ஆன இரட்டைப் படலம். நீரை விரும்பும் குளுகோஸ், சிறியதாயினும், அப்படலத்தை எளிதில் ஊடுருவ இயலாது. அதனை ஏந்திச் செல்லச் சவ்விலே தனிப் புரதங்கள் உள்ளன. தசை உயிரணுக்களில் அப்புரதங்களை மேற்பரப்புக்கு வரச் செய்வது இன்சுலின். இன்சுலின் குறைந்தாலோ, அதன் கட்டளைக்கு உயிரணு இணங்காவிட்டாலோ, இரத்தத்தில் சர்க்கரை மிகுந்து நிற்கும். அதனைத் தசை போதிய அளவு உட்கொள்ள இயலாது. நம் முகவையில் தானே கடந்துவந்த குளுகோஸ், உடலில் கடப்பதற்குத் துணையை நாடி நிற்கிறது. இந்த வேற்றுமையையும் கண்டுகொண்டால்தான் மாதிரியை நாம் சரியாகப் படித்தவர்களாவோம்.