அறையும் அதன் வழிவரும் கட்டணங்களும்

சென்னை நகரத்துத் தனியார் வைத்தியசாலைகளில் நோயாளர் ஒருவர் அனுமதிக்கப்படும்போது, எத்தகைய அறை வேண்டும் என்பதே முதலிற் கேட்கப்படும் கேள்விகளுள் ஒன்று. பலர் தங்கும் பொது வார்டு, இருவர் தங்கும் அறை, ஒருவருக்கேயுரிய தனியறை, அதற்கும் மேலான வசதியறை என்பன பெரும்பாலும் காணப்படும் வகைகள். கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் அங்கே சிகிச்சைக்குச் செல்வோர் பலர், விடுதியில் அறை எடுப்பது போலவே இதனையும் எண்ணிவிடுகின்றனர். நாளொன்றுக்கு மூவாயிரம் ரூபாய் மிகுதியானால், நான்கு நாளைக்குப் பன்னீராயிரம் என்று கணக்கிட்டு, நோயாளர் அமைதியாகத் துயிலட்டும் எனத் தனியறைக்குச் சம்மதிக்கின்றனர். கணக்கு அவ்வளவில் நிற்பதில்லை.

வாடகை, அறைக்குரிய விலை மட்டுமன்று. பல வைத்தியசாலைகளில் அது நோயாளரின் கட்டண வரிசையையே தீர்மானிக்கிறது. சத்திரசிகிச்சை வைத்தியரின் ஊதியம், மயக்கமருந்து கொடுப்பவரின் ஊதியம், சத்திரசிகிச்சைக் கூடத்தின் கட்டணம், வைத்தியர் நாள்தோறும் வந்து பார்ப்பதற்கான கட்டணம், தாதியர் பராமரிப்பு ஆகியவை அறையின் வகைக்கு ஏற்ப ஏறிச் செல்லும். கத்தியும் அதே கத்தி. கையும் அதே கை. வசதியுள்ளவரிடம் சற்று மிகுதியாகப் பெற்றால் பொது வார்டின் விலையைத் தாழ்த்தி வைக்கலாம் என்பது இவ்வழக்கத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் நியாயம். அதனை ஏற்பதும் மறுப்பதும் ஒருபுறமிருக்க, அறையைத் தெரிந்த பின்னரே அது நோயாளருக்குத் தெரியவருவதுதான் குறை. 2022 ஜூலை 18 முதல், தீவிர சிகிச்சைப் பிரிவு தவிர்ந்த அறைகளின் நாள் வாடகை 5,000 இந்திய ரூபாயைக் கடந்தால், அவ்வாடகை மீது நூற்றுக்கு 5 வீத வரியும் விதிக்கப்பட்டது.

காப்புறுதி உள்ளவர்க்கு இன்னொரு சிக்கல் உண்டு. இந்தியக் காப்புறுதிப் பத்திரங்கள் பலவற்றில், நாள் வாடகை காப்புத் தொகையில் நூற்றில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்ற நிபந்தனை இருக்கும். ஐந்து இலட்சம் ரூபாய்க்குக் காப்புச் செய்தவருக்கு ஐயாயிரம் ரூபாய் அறையே உரியது. அவர் எண்ணாயிரம் ரூபாய் அறையில் நான்கு நாள் தங்கிப் பித்தப்பைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டார் என வைத்துக்கொள்வோம். வாடகை 32,000, வைத்தியர் ஊதியமும் கூடக் கட்டணமும் பிறவும் 96,000, மருந்தும் பரிசோதனைகளும் 40,000. வரி நீங்கலாக மொத்தம் 1,68,000 ரூபாய்.

காப்புறுதி நிறுவனம் வாடகையில் 20,000 ரூபாயைத் தரும். அத்தோடு நிற்காமல், எண்ணாயிரத்தில் ஐயாயிரம் என்ற அதே விகிதத்தை, அதாவது எட்டில் ஐந்து பங்கை, வைத்தியர் ஊதியம் முதலியவற்றுக்கும் பிரயோகிக்கும். ஆகவே 96,000 ரூபாய் 60,000 ஆகக் குறையும். மருந்து, பரிசோதனை ஆகியவற்றுக்கான 40,000 முழுமையாகக் கிடைக்கும். கிடைத்தது 1,20,000, கையிலிருந்து கொடுக்கவேண்டியது 48,000. பன்னீராயிரம் என்று எண்ணியவர் நான்கு மடங்கு கொடுக்கிறார்.

அவர் ஐயாயிரம் ரூபாய் அறையிலேயே இருந்திருந்தால், வைத்தியர் ஊதியம் முதலியன 80,000 ரூபாயாக இருந்திருக்கும் என்போம். அப்போது மொத்தக் கணக்கு 1,40,000. அதனை நிறுவனம் முழுவதும் செலுத்தியிருக்கும். வாடகை ஏறிய அளவுக்கு மற்றைக் கட்டணங்கள் ஏறவில்லை. வெட்டு மட்டும் வாடகையின் விகிதத்திலேயே விழுகிறது. பலரும் கவனியாத இடம் இதுவே.

இந்த வெட்டுக்கு ஓர் எல்லை உண்டு. இந்தியக் காப்புறுதி ஒழுங்குமுறை அதிகாரசபை 2020 ஆம் ஆண்டில் வகுத்த விதிகளின்படி, மருந்து, உடலிற் பொருத்தும் சாதனங்கள், பரிசோதனைகள் ஆகியவற்றில் விகித வெட்டுச் செய்தலாகாது. தீவிர சிகிச்சைப் பிரிவின் கட்டணத்திலும் செய்தலாகாது. அறைக்கேற்பக் கட்டணத்தை மாற்றாத வைத்தியசாலைகளின் கணக்கிலும் அவ்வெட்டுக்கு இடமில்லை. எனவே வெட்டு விழுந்த கணக்கைக் கையிற் பெற்றவர், எந்தெந்த வரியில் அது விழுந்திருக்கிறது என்று பார்த்தல் வேண்டும்.

காப்புறுதி இல்லாதவர், அனுமதிப் பத்திரத்தில் ஒப்பமிடுமுன், ஒரே சத்திரசிகிச்சைக்கு இரண்டு அறை வகைகளிலும் ஆகும் முழு மதிப்பீட்டை எழுத்திற் கேட்டு வாங்கலாம். நாள் வாடகையை மட்டும் ஒப்பிடுவதாற் பயனில்லை. இடையில் மேல்வகை அறைக்கு மாறினால், முன்னரே முடிந்த சத்திரசிகிச்சைக்கும் புதிய கட்டணம் விதிக்கப்படுமா என்றும் கேட்டறிய வேண்டும். கேட்ட அறை காலியில்லை என்று மேல்வகை அறையில் அமர்த்தினால், கீழ்வகைக் கட்டணமே அறவிடப்படும் என்பதை எழுத்திற் பெறுதல் நன்று. நோயாளர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்ற பின் உறவினர் பழைய அறையிற் பொதிகளோடு தங்கியிருந்தால், இரண்டுக்கும் வாடகை ஏறக்கூடும்.